தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தும்போது

இலங்கையின் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கி.மீ. கடல். 1966-இல் மிஹிர் சென் இதை நீந்திக் கடந்தார். இங்கே தூரத்தைப் போலவே குறுக்கே ஓடும் நீரோட்டமும் நீந்துபவரைச் சோதிக்கும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 3 கி.மீ. நீந்துபவருக்கு 10 மணி நேரம் ஆகும். குறுக்கே மணிக்கு 1 கி.மீ. நீரோட்டம் இருந்தால், அதற்குள் அவர் 10 கி.மீ. ஒதுங்கிவிடுவார். ஓதம் ஏறி வற்றும்போது நீரோட்டம் திசை மாறுவதால், அந்த விலகல் ஓரளவு சரியாகிவிடும். பருவக்காற்று தள்ளும் நீரோட்டமோ ஒரே பக்கம் ஓடும். அதனால்தான் காற்று தணியும் மார்ச், ஏப்ரல் மாதங்களைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள்.

தாம் ஒதுங்குவது நீரில் இருப்பவருக்குத் தெரியாது. உடன்வரும் படகு ஜிபிஎஸ் பார்த்து, நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் சற்றுச் சாய்ந்து வழிகாட்ட வேண்டும்.

அரை மணிக்கு ஒருமுறை, கயிற்றில் கட்டிய பாட்டிலில் பானம் கொடுத்து, அவரிடம் ஒரு கேள்வி கேட்போம். நிமிடத்துக்கு எத்தனை முறை கை வீசுகிறார் என்றும் எண்ணுவோம். பேச்சு குழறினாலோ, கைவீச்சு சட்டென்று குறைந்தாலோ உடனே படகில் ஏற்ற வேண்டும். சோர்ந்தவர் தம் நிலையை அறியமாட்டார். ஆகவே இந்த முடிவு படகில் இருப்பவருடையது என்று கரையிலேயே பேசி வைத்துக்கொள்வோம்.