அறுந்த சுற்றில் ஓடிய மின்னோட்டம்: மின்தேக்கி பற்றிய புரிதல் வளர்ந்த வரலாறு

1868இல் பிரிட்டனின் வில்லியம் குரோவ் ஒரு தூண்டுச்சுருளை மாறுதிசை மின்னோட்டத்தில் இயக்கிப் பார்த்தார். சுருளின் முதன்மைச் சுற்றில் ஒரு தொடுமுனையும் அதற்கு இணையாக ஒரு மின்தேக்கியும் இருந்தன. தொடுமுனையை மூடி மின்சாரத்துக்கு நேர்வழி தந்தபோது தீப்பொறி எழவில்லை. தொடுமுனையைப் பிரித்து, மின்தேக்கியின் வழி ஒன்றை மட்டும் விட்டபோது தீப்பொறி பாய்ந்தது. மின்தேக்கி என்பது இரண்டு உலோகத் தகடுகளும் அவற்றுக்கு நடுவே மின்சாரத்தைக் கடத்தாத ஒரு பொருளும்தான். அப்படியானால் அந்தச் சுற்று அறுந்த சுற்று. அதில் மின்னோட்டம் எப்படி வந்தது?

விடையின் முதல் பாதி அதற்கு 120 ஆண்டுகள் முன்பே கிடைத்திருந்தது. 1745-46இல் போமரேனியாவில் ஃபான் கிளைஸ்ட்டும் லெய்டன் நகரில் முஸ்கென்புரூக்கும் தனித்தனியே கண்டறிந்த லெய்டன் குடுவையே முதல் மின்தேக்கி. உள்ளும் புறமும் கடத்திகள், நடுவே கண்ணாடி. குடுவைக்குள் மின்சாரம் நிரம்பிக் கிடக்கிறது என்றே பலரும் எண்ணினர். 1747இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அந்த எண்ணத்தைத் திருத்தினார். உள்பக்கம் எவ்வளவு மின்னூட்டம் ஏறுகிறதோ அதே அளவு வெளிப்பக்கத்திலிருந்து வெளியேறியாக வேண்டும் என்றார். குடுவையை மெழுகின் மேல் வைத்து, வெளிப்பூச்சிலிருந்து மின்னூட்டம் போக வழியில்லாமல் செய்தால் குடுவையில் மின்னூட்டம் ஏறுவதே இல்லை. என் பார்வையில் இந்த வரலாற்றின் திறவுகோல் இதுதான். கண்ணாடியை எதுவும் கடக்கவில்லை. ஆனாலும் ஒரு பக்கக் கம்பியில் உள்ளே போன அளவு மறுபக்கக் கம்பியில் வெளியே வருகிறது. இரு கம்பிகளிலும் ஓட்டம் உண்டு.

ஆனால் அந்த ஓட்டம் தகடுகள் நிரம்பும் வரைதான். மைக்கேல் ஃபாரடே 1854இல் இதை நீளமான கம்பியில் கண்டார். கட்டாபெர்ச்சா உறை போட்ட 100 மைல் கம்பி நீரில் கிடந்தது. உள்ளே கம்பி, வெளியே நீர், நடுவே உறை என்று அதுவே ஒரு பெரிய லெய்டன் குடுவை. பேட்டரியைத் தொட்டதும் ஒரு பாய்ச்சல் உள்ளே சென்றது. பேட்டரியை எடுத்தபின் கம்பியைத் தரையோடு இணைத்தால் அது வெளியே பாய்ந்தது. காற்றில் தொங்கிய அதேபோன்ற கம்பியில் இது நிகழவில்லை.

இதை எண்களில் பார்ப்போம். 9 வோல்ட் பேட்டரி, 10,000 ஓம் மின்தடை, 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஆகியவற்றைத் தொடராக இணைப்போம். முதல் கணத்தில் தகடுகள் வெறுமையாக இருப்பதால் பேட்டரிக்கு எதிர்ப்பாக மின்தடை மட்டுமே உண்டு, ஓட்டம் 0.9 மில்லிஆம்பியர். ஒரு தகட்டில் எலக்ட்ரான்கள் சேரச் சேர, அடுத்து வருபவற்றை அவை விலக்குகின்றன. 10 விநாடியில் தகடுகளுக்கிடையே ஏறக்குறைய 5.7 வோல்ட் ஏறிவிடுகிறது, மீதி 3.3 வோல்ட்தான் மின்தடையில் ஓட்டத்தைத் தள்ளுகிறது. ஆகவே ஓட்டம் 0.33 மில்லிஆம்பியராகக் குறைகிறது. ஒரு நிமிடத்தில் தகடுகளிலும் ஏறக்குறைய 9 வோல்ட். தள்ளுவதற்கு ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை, ஓட்டம் நின்றுவிடுகிறது. நேர்மின்னோட்டத்தை மின்தேக்கி தடுக்கிறது என்பதன் பொருள் இதுதான். முதலிலிருந்தே தடுப்பதில்லை, நிரம்பியபின் தடுக்கிறது.

இப்போது பேட்டரியை எடுத்து, தகடுகளை வெறுமையாக்கிவிட்டு, 0.01 விநாடிக்கு ஒருமுறை திசை மாறும் 9 வோல்ட்டைக் கொடுப்போம். அந்த இடைவெளியில் தகடுகளில் ஏறுவது 0.009 வோல்ட்தான். எதிர்ப்பு வளருமுன் திசை திரும்பி, ஏறியது இறங்கத் தொடங்குகிறது. மின்தடையில் எப்போதும் ஏறக்குறைய முழு 9 வோல்ட்டும் இருக்கிறது. ஓட்டம் முன்னும் பின்னுமாக 0.9 மில்லிஆம்பியர் அளவிலேயே நீடிக்கிறது. மின்தேக்கி அங்கே இல்லாததுபோலவே சுற்று இயங்குகிறது. ஓர் எலக்ட்ரான்கூட நடுப்பொருளைக் கடக்கவில்லை. மின்தேக்கியின் ஓட்டம் மின்னழுத்தத்தின் அளவைப் பொறுத்ததல்ல, அது மாறும் வேகத்தைப் பொறுத்தது.

குரோவின் புதிரைப் பற்றி ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1868 மார்ச்சில் எழுதிய கடிதம் ஒரு படி மேலே போனது. மாறும் ஓட்டத்தில் சுருள் தன் தன்மின்தூண்டலால் ஓட்டத்தை எதிர்க்கிறது. மின்தேக்கியின் விளைவு அதற்கு நேர்மாறானது, இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யலாம் என்று கணக்கிட்டுக் காட்டினார். அறுந்த சுற்றில் தீப்பொறி எழுந்ததற்குக் காரணம் இதுவே. தகடுகளுக்கு இடையே மாறும் மின்புலத்தையும் ஒருவகை ஓட்டமாகவே கொள்ள வேண்டும் என்ற கருத்தை அவர் 1860களின் தொடக்கத்திலேயே முன்வைத்திருந்தார். இடப்பெயர்ச்சி மின்னோட்டம் என்று இன்று பாடநூல்கள் சொல்வது அதைத்தான்.

இந்த விளக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு: எந்த நடுப்பொருளும் முழுமையான காப்பு அல்ல. அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியில் சில மைக்ரோஆம்பியர் கசிவது இயல்பு. மேலே சொன்ன சுற்றில் பல நிமிடங்கள் கழித்தும் மின்தடையின் இரு முனைகளுக்கிடையே 1 வோல்ட் நிலையாக நின்றால், 0.1 மில்லிஆம்பியர் ஓயாமல் ஓடுகிறது என்று பொருள். அந்த மின்தேக்கியின் காப்பு பழுதாகியிருக்கலாம்.