முதல் டோஸ் ஒரு கம்பெனி, அடுத்த டோஸ் வேற கம்பெனி: அலாஸ்கா சொன்ன பதில்

"டாக்டர், முதல் பென்டா ஊசி அம்மா ஊர்ல ஆரம்ப சுகாதார நிலையத்துல போட்டோம். இப்ப இங்க வந்துட்டோம். ரெண்டாவது இங்க போடலாமா? கம்பெனி வேறயா இருந்தா பரவாயில்லையா?"

வாரத்துக்கு ஒரு அம்மாவாவது இதைக் கேக்கறாங்க. போடலாம்மா, தாராளமா போடலாம்னுதான் சொல்லுவேன். ஆனா இந்தக் கேள்விக்கு அமெரிக்காவோட வடக்கு மூலைல ஒரு தடவை வேற மாதிரி பதில் வந்துச்சு. அந்தக் கதைதான் இன்னைக்கு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

பென்டா ஊசில அஞ்சு நோய்களுக்கான தடுப்பு இருக்கு. அதுல ஒண்ணு ஹிப். முழுப்பெயர் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயென்சே டைப் பி. (பேர்ல இன்ஃப்ளுயென்சா இருந்தாலும் இது ஃப்ளூ கிருமி இல்ல. 1892-ல ரிச்சர்ட் ஃபைஃபர் இதுதான் ஃப்ளூவுக்குக் காரணம்னு தப்பா நினைச்சார். தப்பு திருந்திடுச்சு, பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு.) பச்சைக் குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல், நிமோனியா ரெண்டையும் கொண்டுவரும். பிழைச்ச பிள்ளைகள்ல பலருக்குக் காது கேக்காமப் போயிடும்.

இந்தக் கிருமி தன்னைச் சுத்தி ஒரு சர்க்கரை உறை போட்டுக்கும். அந்த உறைக்கு எதிரா ஆன்டிபாடி இருந்தா கிருமி தோத்துடும். அதனால 1985-ல அமெரிக்கால அந்தச் சர்க்கரையை மட்டும் எடுத்து தடுப்பூசியா கொண்டுவந்தாங்க. ரெண்டு வயசுக்கு மேல ஓரளவு வேலை செஞ்சது. கைக்குழந்தைகிட்ட சுத்தமா எடுபடல. வெறும் சர்க்கரையை எதிரின்னு அடையாளம் காண அந்த வயசு உடம்புக்குத் தெரியாது. சிக்கல் என்னன்னா, நோய் அதிகமா தாக்கறதே அந்தக் கைக்குழந்தைகளைத்தான்.

தீர்வா வந்ததுதான் கான்ஜுகேட் தடுப்பூசி. சர்க்கரையை ஒரு புரதத்தோட முதுகுல கட்டி அனுப்பறது. புரதத்தைப் பார்த்ததும் குழந்தையோட உடம்பு முழிச்சுக்கும், கூடவே வந்த சர்க்கரையையும் கத்துக்கும். இங்கதான் கம்பெனிகள் பிரிஞ்சாங்க. சர்க்கரை எல்லாருக்கும் ஒண்ணுதான். சுமக்கற புரதம் வேற வேற. ஒருத்தர் டிப்தீரியா புரதம், இன்னொருத்தர் டெட்டனஸ் புரதம், மூணாவது கம்பெனி வேற ஒரு மூளைக்காய்ச்சல் கிருமியோட வெளிச்சவ்வுப் புரதம். இந்த மூணாவதை நான் 'சவ்வு வகை'ன்னு சொல்றேன், படிக்க ஈஸியா இருக்கும்.

இப்ப அலாஸ்காவுக்குப் போவோம். அங்க பூர்வகுடிக் குழந்தைகள்கிட்ட ஹிப் நோய் உலகத்துலயே மிக அதிகமா இருந்த இடங்கள்ல ஒண்ணு. எண்ணிக்கை மட்டும் இல்ல, வயசும் முக்கியம். மத்த இடங்கள்ல பெரும்பாலும் ஆறு மாசத்துக்கு மேல வர்ற நோய், அங்க நாலஞ்சு மாசத்துலயே வந்துடும்.

முதல் அடி சீக்கிரமே விழுந்துச்சு. ஆரம்பகால டிப்தீரியா வகை ஊசி ஒண்ணு ஃபின்லாந்துல 90 சதவீதத்துக்கு மேல பாதுகாப்பு குடுத்துச்சு. அதே ஊசி அலாஸ்கா கைக்குழந்தைகள்கிட்ட பெருசா எடுபடல. ரெண்டு முடிவும் 1990-ல வெளியாச்சு. அதுக்கப்புறம் நவஹோ பூர்வகுடிக் குழந்தைகள்கிட்ட சவ்வு வகையைச் சோதிச்சாங்க, பிரமாதமா வேலை செஞ்சது. 1991-ல அலாஸ்கா அதையே எல்லாக் குழந்தைகளுக்கும் போட ஆரம்பிச்சது. நோய் 90 சதவீதத்துக்கு மேல சரிஞ்சது.

சவ்வு வகைல அப்படி என்ன விசேஷம்? அதோட புரதம் நம்ம எதிர்ப்புச் செல்களை நேராவே தட்டி எழுப்பும். அதனால ரெண்டு மாசத்துல போடற முதல் டோஸுக்கே நல்ல ஆன்டிபாடி வந்துடும். ஆனா அடுத்தடுத்த டோஸ்ல அது அவ்வளவா ஏறாது. மத்த வகைகள் இதுக்கு நேர் எதிர். முதல் டோஸுக்கு ஏறக்குறைய ஒண்ணும் நடக்காது, மூணாவது டோஸ் முடிஞ்சதும் எங்கயோ போயிடும். ஏழு மாசத்துல ரத்தம் எடுத்துப் பார்த்தா அவங்கதான் ஜெயிச்ச மாதிரி தெரியும்.

அந்த நேரத்துல ஒரு குழந்தைக்குக் கம்பெனி மாத்தி மாத்திப் போட்டா என்ன ஆகும்னு அமெரிக்கால ஆய்வுகள் வந்துச்சு. எல்லா டோஸும் முடிஞ்சதும் ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. கலந்து போட்டவங்களுக்கும் ஆன்டிபாடி நல்லாவே இருந்துச்சு, சில வரிசைகள்ல இன்னும் கூடுதலாவே. தாராளமா கலக்கலாம்னு முடிவாச்சு. அந்த முடிவு தப்பில்ல. ஆனா அவங்க அளந்தது கடைசி டோஸுக்கு அப்புறம். நடுவுல இருக்கற மாசங்களை அந்த எண் சொல்லாது.

1996-ல அலாஸ்கா ஊசியை மாத்துச்சு. புதுசா போட்டது டி.பி.டி-யோட சேர்ந்து வர்ற டிப்தீரியா வகை ஹிப். ரெண்டு குத்துக்குப் பதிலா ஒரு குத்து, குழந்தைக்கு வலி கம்மி. நானா இருந்தாலும் சரின்னுதான் கையெழுத்து போட்டிருப்பேன்.

அதே வருஷம் பூர்வகுடிக் குழந்தைகள்கிட்ட ஹிப் திரும்ப வந்துச்சு. கொஞ்சநஞ்சம் இல்ல, நாலு மடங்குக்கும் மேல. ஊசி போடாம விட்ட ஊரும் இல்ல அது.

காரணம் ரெண்டு சேர்ந்தது. ஆய்வாளர்கள் போய்ப் பிள்ளைகளோட தொண்டைல மாதிரி எடுத்துப் பார்த்தா, நோயே இல்லாத, ஊசி போட்ட பிள்ளைகள்ல கணிசமான பேரோட தொண்டைல கிருமி உக்காந்திருந்துச்சு. நோய் குறைஞ்சதே தவிர கிருமி ஊரை விட்டுப் போகல. அந்த வீட்டுல ஒரு குழந்தை பிறக்குது. ரெண்டு மாசத்துல ஊசி, ஆனா புது வகையோட முதல் டோஸ் ஒண்ணும் செய்யல. நாலு மாசத்துல ரெண்டாவது. முழுப் பலன் வர ஆறு மாசம் தாண்டணும். அக்காவோ அண்ணனோ முத்தம் குடுக்க அத்தனை நாள் காத்திருக்க மாட்டாங்களே!

இதுக்கு அவங்க எடுத்த முடிவு எனக்கு ரொம்பப் பிடிச்சது. முதல் டோஸை மட்டும் சவ்வு வகைக்குத் திருப்பினாங்க. அடுத்த டோஸ்களுக்கு டிப்தீரியா வகை. அதாவது கலந்து போடறதையே மருந்தாக்கினாங்க: சீக்கிரம் எழுப்பறவன் முன்னால, உயரமா ஏத்தறவன் பின்னால. பின்னாடி முழுசா சவ்வு வகைக்கே போயிட்டாங்க.

2007 டிசம்பர்ல இன்னொரு சோதனை. சவ்வு வகையைத் தயாரிச்ச தொழிற்சாலைல கிருமிநீக்கத்துல குறை இருக்குன்னு தெரிஞ்சு, பத்து லட்சத்துக்கும் மேல டோஸ்களைத் திரும்ப வாங்கினாங்க. நாடு முழுக்கத் தட்டுப்பாடு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வயசு பூஸ்டரைத் தள்ளிப்போடச் சொல்லிச்சு, மத்த டோஸ்களுக்கு வேற கம்பெனி ஊசி. கையிருப்புல மிச்சமிருந்த சவ்வு வகையைப் பூர்வகுடிக் குழந்தைகளுக்குன்னு ஒதுக்கி வச்சாங்க. பூஸ்டரைத் தள்ளிப்போடச் சொன்ன பட்டியல்லயும் அவங்க இல்ல.

கம்பெனி மாத்தும்போது இன்னொரு கணக்கும் மாறும். சவ்வு வகைன்னா ஆரம்பத் தொடர் ரெண்டே டோஸ்: ரெண்டாம் மாசம், நாலாம் மாசம். மத்த வகைன்னா மூணு, ஆறாம் மாசமும் உண்டு. ஒரு குழந்தைக்கு ரெண்டாம் மாசம் சவ்வு வகை, நாலாம் மாசம் டெட்டனஸ் வகை போட்டாச்சுன்னு வைங்க. 'ரெண்டு முடிஞ்சது'ன்னு நிறுத்தினா தப்பு. ஆறாம் மாசம் மூணாவதும் வேணும். முதல்ல போட்டது எதுன்னே தெரியலன்னாலும் மூணு டோஸ் கணக்குதான். ஒரு வயசுக்கு மேல வர்ற பூஸ்டர் எந்தக் கம்பெனின்னாலும் சரி.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். அரசுத் திட்டத்துல பென்டா 2011 டிசம்பர்ல முதல்ல வந்தது தமிழ்நாட்டுலயும் கேரளாவுலயும்தான். 6, 10, 14 வாரம், மூணு டோஸ். இங்க புழங்கற பென்டா ஊசிகள்ல ஹிப் பெரும்பாலும் டெட்டனஸ் வகை. கம்பெனி பேரு மாறினாலும் உள்ள வேலை செய்யற விதம் ஒண்ணுதான், டோஸ் எண்ணிக்கையும் ஒண்ணுதான். அதனாலதான் அந்த அம்மாகிட்ட யோசிக்காம சரின்னேன். இவங்களுக்கு ஆபத்து வேற இடத்துல. "அதே கம்பெனி வரட்டும்"னு ஒரு மாசம் காத்திருந்தா, ஒரு டோஸ் மட்டும் போட்ட நிலைலயே குழந்தை அந்த ஒரு மாசத்தைக் கழிக்கணும்.

அன்னைக்கே ரெண்டாவது ஊசியைப் போட்டு, கார்டுல தேதிக்குப் பக்கத்துல கம்பெனி பேரும் பேட்ச் நம்பரும் எழுதிக் குடுத்தேன். குழந்தை அழுதுச்சு, அம்மா சிரிச்சாங்க.