அக்காவின் நாவல்நிறக் கூறை

தமக்கையாரின் எண்பதாவது பிறந்தநாளுக்குப் பேரன் படக்காட்சி தயாரித்தான். வீட்டு அல்பங்கள் 1995 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேறியபோதே தொலைந்தன. இலண்டனிலிருந்த தம்பிக்கு அஞ்சலில் அனுப்பியவையே எஞ்சின.

1975ஆம் ஆண்டு வண்ணப்படம் முற்றாகச் செம்மை படர்ந்திருந்தது. அக்காலப் படங்களில், இருளில் வைத்திருந்தாலும், நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிவிடும். அங்குலத்துக்கு 600 புள்ளிகளில் ஸ்கான் செய்து, கறுப்புக் குடை கறுப்பாகும்வரை சிவப்பைக் குறைத்தான். பின்னாலிருந்த வாழையும் பச்சையாயிற்று.

1972ஆம் ஆண்டுத் திருமணப்படமோ கறுப்பு வெள்ளை. அதில் மீட்பதற்கு நிறமேது? எல்லாம் ஊகந்தான். கூறைக்குச் சிவப்புத் தீட்டியிருந்தான்.

"சிவப்பில்லையடா தம்பி, நாவல்நிறம். இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம், புதுக்கூறை கிடைக்கவில்லை. மாமியின் கூறையைத்தான் உடுத்தேன்" என்றார் அக்கா.

அதுவரை எங்களில் எவரும் அறியாத செய்தி. பேரன் தீட்டிய நிறத்தை அழித்துவிட்டு, அக்கா சொன்னதைப் படத்தின்கீழ் எழுதினான்.