ஒருங்கிணைந்த செயல்திட்ட மேலாண்மைத் திட்டம்

ஒரு செயல்திட்டத்தில் என்னென்ன வேலைகள் அடங்கும், அவை எப்போது முடியும், எவ்வளவு செலவாகும், எங்கே தடங்கல் வரலாம், முடிந்த வேலை எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்னும் ஐந்து கேள்விகளுக்கும் தனித்தனியே திட்டங்கள் எழுதப்படுகின்றன. அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து, ஒன்றில் நேரும் மாற்றம் மற்ற நான்கிலும் உடனே தெரியும்படி அமைத்த ஆவணமே ஒருங்கிணைந்த மேலாண்மைத் திட்டம். இந்த ஐந்தும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு துறையினர் கையில் உருவானவை. அவற்றை இணைக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது.

முதலில் வளர்ந்தது கால அட்டவணை. 1910களில் ஹென்றி கான்ட் பரப்பிய பட்டை வரைபடம் எந்த வேலை எந்த நாளில் நடக்கும் என்பதைக் காட்டியது. ஒரு வேலை தாமதமானால் எது பாதிக்கப்படும் என்பதை அது தெளிவாகக் காட்டவில்லை. அந்தக் குறையை 1950களின் இறுதியில் இரண்டு வலையமைப்பு முறைகள் தீர்த்தன. டூபான்ட் நிறுவனத்தின் மோர்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் 1957இல் உருவாக்கிய சிபிஎம் ஒன்று. போலாரிஸ் ஏவுகணைக்காக அமெரிக்கக் கடற்படை 1958இல் உருவாக்கிய பெர்ட் மற்றொன்று.

இவ்விரண்டில் சிபிஎம் தொடக்கத்திலேயே காலத்தையும் செலவையும் சேர்த்துப் பார்த்தது. ஒவ்வொரு வேலைக்கும் இயல்பான வேகத்தில் ஆகும் செலவு, அவசரப்படுத்தினால் ஆகும் செலவு என இரண்டு மதிப்பீடுகள் கேட்டது. செயல்திட்டம் சீக்கிரம் முடிய வேண்டுமானால் எல்லா வேலையையும் முடுக்க வேண்டாம், நெருக்கடிப் பாதையில் உள்ளவற்றில் மலிவானதை மட்டும் முடுக்கினால் போதும் என்பது அதன் கணக்கு. ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு செலவு மதிப்பீடு திரட்டுவது பெரும் சுமை. அதனால் நடைமுறையில் அந்தப் பாதி கைவிடப்பட்டு, கால வலையமைப்பு மட்டுமே நிலைத்தது. பெர்ட்டோ, காலத்தை மட்டுமே கணக்கில் எடுத்தது.

இணைப்பில் முதல் பெரிய முயற்சி 1962இல் நடந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் நாசாவும் சேர்ந்து, பெர்ட் வலையமைப்பில் செலவையும் ஏற்றும் வழிகாட்டியை வெளியிட்டன. அதன் அடித்தளம் வேலைப் பகுப்பு. முழுப் பொருளைப் பகுதிகளாகவும், பகுதிகளைச் சிறு பணித்தொகுதிகளாகவும் கிளைபிரித்துக்கொண்டே போவதுதான் அது. இக்கட்டுரையின் மையமான கருத்தும் அதுவே: ஐந்து திட்டங்களுக்கும் பொதுவான அலகு பணித்தொகுதி. ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் எல்லை, ஒரு காலம், ஒரு தொகை, ஒரு பொறுப்பாளர் இருந்தால்தான் திட்டங்கள் ஒன்றோடொன்று பேசும்.

ஆனால் 1962 முறை நிலைக்கவில்லை. வலையமைப்பு வேலைவாரியாக இருந்தது. நிறுவனங்களின் கணக்குப் புத்தகமோ துறைவாரியாக இருந்தது. அரசு சொன்ன முறைக்காகத் தங்கள் கணக்கு முறையையே மாற்றிக்கொள்ள ஒப்பந்தக்காரர்கள் விரும்பவில்லை. எனவே 1967இல் பாதுகாப்புத் துறை வழியை மாற்றியது. எந்த முறையையும் திணிக்காமல், ஒப்பந்தக்காரரின் சொந்த முறை நிறைவுசெய்ய வேண்டிய 35 நிபந்தனைகளை மட்டும் வகுத்தது. இதுவே விவேகமான முடிவு என்று சொல்ல வேண்டும். பின்னாளில் வந்த ‘ஈட்டிய மதிப்பு’ முறை இதன் வழியேதான் வேரூன்றியது.

அதன் பயனை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். ஓர் ஊராட்சிக்கு மேல்நிலை நீர்த்தொட்டி கட்ட 10 மாதம், 100 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்காம் மாத இறுதியில் 40 லட்சத்துக்கான வேலை முடிந்திருக்க வேண்டும். செலவு 38 லட்சம். செலவுத் திட்டத்தை மட்டும் பார்ப்பவர் 2 லட்சம் மிச்சம் என்பார். ஆனால் உண்மையில் முடிந்த தொகுதிகளுக்குத் திட்டத்தில் குறித்த மதிப்பு 30 லட்சமே. அப்படியானால் வேலை 10 லட்சம் அளவுக்குப் பின்தங்கியிருக்கிறது. முடிந்த வேலைக்கே 8 லட்சம் கூடுதலாகச் செலவாகியிருக்கிறது. இதே போக்கு நீடித்தால் மொத்தச் செலவு ஏறத்தாழ 127 லட்சத்தைத் தொடும். எல்லை, காலம், செலவு மூன்றையும் ஒரே தொகுதியில் அளந்ததால்தான் இது தெரிந்தது.

தரமும் இடரும் தாமதமாக இணைந்தன. தரம் நெடுங்காலம் ஆய்வுத் துறையின் தனிப் பொறுப்பாக இருந்தது. 1969இல் அமெரிக்காவில் தொடங்கிய திட்ட மேலாண்மை நிறுவனம், 1983இல் வெளியிட்ட அறிக்கையில் எல்லை, காலம், செலவு, தரம், மனித வளம், தகவல் தொடர்பு என ஆறு அறிவுப் பகுதிகளைக் குறித்தது. இடரும் கொள்முதலும் 1987இல் சேர்ந்தன. ஒருங்கிணைப்பு என்னும் பகுதி 1996இல் வந்த வழிகாட்டி நூலில்தான் ஒன்பதாவதாக இடம்பெற்றது. இந்த வரிசையே ஒன்றைக் காட்டுகிறது: பகுதிகள் முதலில் வந்தன, அவற்றைக் கட்டும் கயிறு கடைசியில் வந்தது. 2004ஆம் ஆண்டுப் பதிப்பு, துணைத் திட்டங்களையும், எல்லை, காலம், செலவு ஆகியவற்றுக்கு ஒப்புதல் பெற்ற அடிப்படை அளவுகளையும் ஒரே மேலாண்மைத் திட்டத்தின் பகுதிகளாக்கியது.

தரத் திட்டமும் இடர்த் திட்டமும் தனியே கிடந்தால் என்ன ஆகும் என்பதை அதே நீர்த்தொட்டியில் பார்க்கலாம். கட்டி முடித்த தொட்டியில் நீர் நிரப்பி, ஊறவிட்டு, பிறகு நீர்மட்டம் குறைகிறதா என்று சில நாள் கவனிக்க வேண்டும். இது தரத் திட்டத்தில் இருந்து, கால அட்டவணையில் இல்லாமற்போனால், ஒப்படைக்கும் நாள் பொய்யாகிவிடும். அதுபோல, தளர்ந்த மண் கிடைக்கலாம் என்று இடர்ப் பட்டியலில் எழுதியிருந்தால், முன்கூட்டியே மண் ஆய்வு செய்வது அட்டவணையில் ஒரு வேலையாகவும், ஆழ அடித்தளம் தேவைப்பட்டால் ஆகும் தொகை செலவுக்குள் ஓர் ஒதுக்கீடாகவும் இருக்க வேண்டும். இப்படி முன்னறிந்த இடருக்கான ஒதுக்கீடு செலவின் அடிப்படை அளவுக்குள் சேரும். யாரும் எதிர்பாராததற்கான மேலாண்மை ஒதுக்கீடு அதற்கு வெளியே, மேலிடத்தின் கையில் இருக்கும்.

மண் உண்மையிலேயே தளர்ந்திருந்தால் மாற்றக் கட்டுப்பாடு தொடங்குகிறது. குத்துத்தூண் அடித்தளம் என்ற புதிய தொகுதி எல்லையில் சேர்கிறது. அடித்தளம் முடியாமல் மேலே எதுவும் எழாது. எனவே அது நெருக்கடிப் பாதையை நீட்டுகிறது. ஒதுக்கீட்டிலிருந்து பணம் எடுக்கப்படுகிறது. தூணின் தாங்குதிறனைச் சோதிக்கும் பரிசோதனை தரத் திட்டத்தில் ஏறுகிறது, அதற்கான நாட்கள் மறுபடி அட்டவணைக்கு வருகின்றன. மழைக்காலம் நெருங்குவது புதிய இடராகிறது. ஐந்தும் சேர்ந்து மாறிய பிறகே புதிய அடிப்படை அளவுக்கு ஒப்புதல் தரப்படும். பொறியாளர் எல்லையை மட்டும் திருத்திவிட்டு, பழைய முடிவுத் தேதி அப்படியே நிற்குமானால், திட்டங்கள் ஒன்றாக அட்டை போடப்பட்டிருக்கின்றனவே தவிர இணையவில்லை என்று கண்டுகொள்ளலாம். பட்டியலில் உள்ள இடர்களில் எதற்கும் அட்டவணையில் வேலை இல்லை என்பதும் அதே கோளாறின் அடையாளம்.

இந்த அமைப்புக்கு வரம்பு உண்டு. வேலை முழுவதையும் தொடக்கத்திலேயே பகுத்துவிட முடியும் என்று அது நம்புகிறது. தொட்டிக்கும் பாலத்துக்கும் அது பொருந்தும். பயனர் பார்த்த பிறகே தேவையைச் சொல்லும் மென்பொருளுக்குப் பொருந்துவது கடினம். அங்கே 2001க்குப் பின் பரவிய அஜைல் முறைகள் பெரும்பாலும் காலத்தையும் குழுவின் செலவையும் நிலையாக வைத்து எல்லையை மாறவிடுகின்றன. திட்ட மேலாண்மை நிறுவனத்தின் வழிகாட்டி நூலின் 2021ஆம் ஆண்டு ஏழாம் பதிப்பு அறிவுப் பகுதிவாரியான பழைய அடுக்கை விட்டு, 12 கொள்கைகளையும் 8 செயல்திறன் களங்களையும் அடிப்படையாகக் கொண்டது. கட்டுமானத்திலும் பாதுகாப்புத் துறை ஒப்பந்தங்களிலும் பணித்தொகுதியும் அடிப்படை அளவும் இன்றும் நடைமுறையில் உள்ளன.