கோடற்ற அட்டவணை: ஸ்லைடு படத்திலிருந்து மீட்டெடுத்தல்

கோடற்ற அட்டவணை என்பது கட்டங்களைப் பிரிக்கும் கோடுகள் இல்லாமல், எழுத்துகளின் இடத்தை வைத்தே வரிசையும் நெடுவரிசையும் புரியும்படி அமைந்த அட்டவணை. ஸ்லைடுகளில் இது அடிக்கடி தென்படும். தயாரித்தவர் அட்டவணைக் கருவியைத் தொடாமல், ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனி உரைப்பெட்டி போட்டு, கண்மதிப்பில் நேராக நிறுத்தியிருப்பார். அந்த ஸ்லைடு படமாக மாறிய பிறகு, எந்த எண் எந்தப் பெயருக்கு உரியது என்ற தகவல் எங்கும் எழுதப்பட்டிருக்காது. ஒவ்வொரு சொல்லும் படத்தில் எங்கே நிற்கிறது என்பது ஒன்றே சான்றாக மிஞ்சும். அந்தச் சான்றிலிருந்து அட்டவணையைத் திரும்பக் கட்டுவது எப்படி என்பதே இக்கட்டுரை.

இதற்கான அடிப்படை யோசனைகள் பழையவை. பக்கத்தை வெற்றிடங்களின் வழியே குறுக்கும் நெடுக்குமாக மாறி மாறி வெட்டிக்கொண்டு போகும் முறையை நாகி, சேத் இருவரும் 1984இல் முன்வைத்தார்கள். 1998இல் ஜெர்மனியின் கீனிங்கர், கோடுகளையோ வெற்றிடங்களையோ தேடாமல், அடுத்தடுத்த வரிகளில் ஒன்றன்கீழ் ஒன்றாக விழும் சொற்களைத் தொகுத்து நெடுவரிசைகளைக் கண்டுபிடித்தார். பிடிஎஃப் கோப்புகளிலிருந்து அட்டவணை எடுக்கும் கேம்லாட் போன்ற மென்பொருள்களும் கோடுள்ள அட்டவணைக்கு ஒரு வழி, கோடற்றதற்கு வேறொரு வழி என்று பிரித்தே வைத்திருக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு

1280×720 பிக்சல் அளவுள்ள ஒரு ஸ்லைடு படத்தை எடுத்துக்கொள்வோம். தென்மாநிலங்களின், புதுச்சேரியின் மக்கள்தொகை, 2001, 2011 கணக்கெடுப்புகளின்படி, லட்சத்தில் தரப்பட்டிருக்கிறது. இடப்பக்கம் மாநிலப் பெயர்கள். அடுத்து இரண்டு ஆண்டுகளின் எண்கள். வலக்கோடியில் வளர்ச்சி விழுக்காடு. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரப் பிரதேசம், புதுச்சேரி என ஐந்து வரிசைகள், அடியில் மொத்தம்.

இந்த ஸ்லைடில் நான்கு சிக்கல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பின்போது தெலங்கானா பிரிந்திருக்கவில்லை என்பதால், ஆந்திரப் பிரதேசத்தின் பெயருக்கு அடியில் "(தெலங்கானா சேர்த்து)" என்று இரண்டாவது வரி இருக்கிறது. புதுச்சேரிக்கு 2001ஆம் ஆண்டின் எண் போடப்படவில்லை. புதுச்சேரியின் 12.5 என்ற பெட்டி கைதவறி 5 பிக்சல் மேலே ஏறியிருக்கிறது. "மக்கள்தொகை (லட்சம்)" என்ற தலைப்பு இரண்டு ஆண்டுகளுக்கும் பொதுவாக நடுவில் நிற்கிறது. இவற்றில் ஒன்றிரண்டாவது இல்லாத ஸ்லைடு அபூர்வம்.

சொற்களையும் இடங்களையும் எடுப்பது

எழுத்துணரி மென்பொருளிடம் வெறும் உரையைக் கேட்கக் கூடாது, இடக்குறிப்புகளோடு கேட்க வேண்டும். டெசராக்ட் என்றால் கட்டளை இது:

```
tesseract slide.png slide -l tam+eng --psm 11 tsv
```

இதில் 11 என்பது பக்க அமைப்பைப் பற்றி எந்த ஊகமும் இல்லாமல் சிதறிக் கிடக்கும் எழுத்துகளைத் தேடச் சொல்கிறது. இயல்பான அமைப்பில் விட்டால், அகன்ற இடைவெளிகளைச் செய்தித்தாளின் பத்திப் பிரிப்பு என்று மென்பொருள் எடுத்துக்கொண்டு, முதலில் எல்லாப் பெயர்களையும் பிறகு எல்லா எண்களையும் தந்துவிடக்கூடும். கிடைக்கும் கோப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் `left`, `top`, `width`, `height` என்ற நான்கு அளவுகள் இருக்கும். தமிழ்நாட்டின் 624.1 என்ற எண்ணுக்கு இவை 527, 252, 66, 20 என்று வந்தால், அதன் நடுப்புள்ளி இடமிருந்து 560, மேலிருந்து 262. இனி எல்லா வேலையும் இந்த நடுப்புள்ளிகளோடும் ஓரங்களோடும்தான்.

படம் சிறியதாக இருந்தால் இரண்டு மூன்று மடங்கு பெரிதாக்கிவிட்டுப் படிக்க வைப்பது நல்லது. சிறிய படத்தில் முதலில் காணாமல் போவது தசமப் புள்ளி. 15.6 என்பது 156 ஆகிவிடும், அதைப் பற்றி மென்பொருளுக்குச் சந்தேகமும் இருக்காது.

முதலில் நெடுவரிசை, பிறகே வரிசை

பலரும் மேலிருந்து கீழாக வரிசைகளைப் பிரித்துவிட்டுப் பிறகு ஒவ்வொரு வரிசையையும் துண்டாக்குகிறார்கள். உரைப்பெட்டி அட்டவணைக்கு அது தவறான வரிசைமுறை. கையால் நகர்த்திய பெட்டிகள் கெடுப்பது பெரும்பாலும் மேல்கீழ் ஒழுங்கைத்தான். நெடுவரிசைகளுக்கு இடையிலோ தாராளமான வெற்றிடம் இருக்கும். உறுதியானதை முதலில் நிறுவிக்கொண்டால், தடுமாறுவதை அதன் துணையோடு தீர்க்கலாம்.

முதலில், ஒரே வரியில் எழுத்தின் உயரத்தைவிடக் குறைந்த இடைவெளியில் நிற்கும் சொற்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். "ஆந்திரப்", "பிரதேசம்" இரண்டுக்கும் நடுவே 8 பிக்சல்தான், எனவே அவை ஒரே துண்டு. பிறகு எல்லாத் துண்டுகளின் நிழலையும் கீழ்நோக்கி விழச் செய்து, எங்கே நிழலே விழவில்லை என்று பார்க்க வேண்டும். நம் படத்தில் பெயர்கள் 340இல் முடிகின்றன, 2001இன் எண்கள் 521இல் தொடங்குகின்றன. அடுத்த வெற்றிடம் 599 முதல் 751 வரை, அதற்கடுத்தது 829 முதல் 983 வரை. மூன்று வெற்றிடம், நான்கு நெடுவரிசை.

இந்தக் கணக்கில் தலைப்புகளைச் சேர்க்கக் கூடாது. "மக்கள்தொகை (லட்சம்)" 570 முதல் 780 வரை நீண்டிருக்கிறது. அதன் நிழல் இரண்டாவது வெற்றிடத்தை முழுக்க அடைத்துவிடும், இரண்டு ஆண்டுகளும் ஒரே நெடுவரிசையாகிவிடும். எண்கள் தொடங்கும் உயரத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் கொண்டு நெடுவரிசைகளை முடிவு செய்துவிட்டு, தலைப்புகளைக் கடைசியில் பொருத்துவதே பாதுகாப்பு.

எண்களை எந்த ஓரத்தை வைத்து ஒப்பிடுவது என்பதையும் படமே சொல்லும். 624.1இன் இட ஓரம் 527, மொத்தத்தின் 2242.8க்கு 521. வல ஓரங்களும் 593, 599 என்று மாறுகின்றன. நடுப்புள்ளி மட்டும் இரண்டுக்கும் 560. ஆக, இவை நடுவில் நிறுத்தப்பட்ட பெட்டிகள். இடம், வலம், நடு மூன்றையும் அளந்து, எது குறைவாக அலைகிறதோ அதை அந்த நெடுவரிசையின் அச்சாகக் கொள்ள வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு நெடுவரிசைக்குள்ளும் இரட்டை வரிகளை இணைக்க வேண்டும். ஆந்திரப் பிரதேசத்தின் முதல் வரி 452இல் முடிகிறது, அடைப்புக்குறி வரி 456இல் தொடங்குகிறது. இடைவெளி 4 பிக்சல். அதற்கு மேலும் கீழும் உள்ள பெயர்களோடு இடைவெளி 29. எனவே இரண்டும் ஒரே கட்டம், நடுப்புள்ளி 454. அந்த வரிசையின் எண்களும் 454இல்தான் நிற்கின்றன. இந்த இணைப்பைச் செய்யாமல் நேரே வரிசை பிரித்திருந்தால் 441, 454, 467 என்று மூன்று பொய் வரிசைகள் வந்திருக்கும், நடு வரிசைக்குப் பெயரே இருந்திருக்காது.

இப்போது வரிசைகள். அதற்கு எண்களை நங்கூரமாகக் கொள்ள வேண்டும். தமிழ்ச் சொல்லில் புள்ளி வைத்த எழுத்து வந்தால் அதன் சட்டம் மேலே உயரும், 'ரு', 'கு' போன்றவை கீழே இறங்கும். ஆகவே ஒரே கோட்டில் எழுதிய பெயர்களின் நடுப்புள்ளிகள்கூடச் சில பிக்சல் முன்பின்னாகும். எண்களுக்கு உயரம் ஒன்றே. எண்ணின் உயரம் 20 என்றால், நடுப்புள்ளிகள் 10 பிக்சலுக்குள் இருப்பவை ஒரே வரிசை. நம் வரிசைகள் 64 பிக்சலுக்கு ஒன்றாக வருகின்றன, எனவே இந்த வரம்பு அடுத்த வரிசையைத் தொடாது. புதுச்சேரியின் 12.5 நிற்பது 513இல், 28.1 நிற்பது 518இல். வித்தியாசம் 5, அது தன் வரிசையிலேயே சேர்ந்துவிடுகிறது.

வெற்றுக் கட்டமும் தலைப்பும்

புதுச்சேரி வரிசையில் கிடைப்பவை மூன்று துண்டுகளே. அவற்றை இடமிருந்து வலமாக அடுக்கினால் 12.5 போய் 2001இல் உட்காரும், 28.1 போய் 2011இல் உட்காரும். இந்த வேலையில் மிக மோசமான பிழை இதுதான். விளைந்த அட்டவணை ஒழுங்காகவே தோன்றும். அடுக்கும் முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு துண்டையும் அதன் நடுப்புள்ளிக்கு அருகிலுள்ள அச்சில் வைக்க வேண்டும். 12.5இன் நடுப்புள்ளி 790, அது 2011இன் அச்சு. 560இல் எதுவும் இல்லை என்பதும் ஒரு தகவல். அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்க வேண்டும்.

பொதுத் தலைப்பின் நடுப்புள்ளி 675. அது 560க்கும் 790க்கும் சரிபாதி. இரண்டு அச்சுகளின் நடுவே விழும் தலைப்பை இரண்டுக்கும் உரியதாகக் கொண்டு, கீழுள்ள ஆண்டோடு சேர்த்து எழுதிவிடலாம். கிடைக்கும் அட்டவணை:

```
மாநிலம்,மக்கள்தொகை (லட்சம்) 2001,மக்கள்தொகை (லட்சம்) 2011,வளர்ச்சி %
தமிழ்நாடு,624.1,721.5,15.6
கேரளம்,318.4,334.1,4.9
கர்நாடகம்,528.5,611.0,15.6
ஆந்திரப் பிரதேசம் (தெலங்கானா சேர்த்து),762.1,845.8,11.0
புதுச்சேரி,,12.5,28.1
மொத்தம்,2242.8,2524.8,12.6
```

சரிபார்ப்பு

இடத்தை வைத்துக் கட்டியதை, இடத்தோடு தொடர்பில்லாத ஒன்றைக் கொண்டுதான் சோதிக்க வேண்டும். இங்கே கூட்டலும் விழுக்காடும் கைகொடுக்கின்றன. 318.4இலிருந்து 334.1க்கு உயர்வு 4.9 விழுக்காடு, கேரளம் சரி. தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் 15.6 என்று வருவதைப் பார்த்து ஒன்று மற்றதன் நகல் என்று ஐயப்படலாம். கணக்கிட்டால் இரண்டும் உண்மை.

2011இன் ஐந்து எண்களையும் கூட்டினால் 2524.9. ஸ்லைடில் இருப்பது 2524.8. இது பிழையல்ல. முழு எண்களைக் கூட்டி முடித்தபின் சுருக்கியதால் வரும் வித்தியாசம். ஐந்து எண்களில் 0.2 வரை இப்படி வரலாம். புதுச்சேரியின் எண்கள் இடம் மாறி உட்கார்ந்திருந்தால் கூட்டல் 2540.5 என்று வந்து, தவறு உடனே தெரிந்திருக்கும்.

2001இல் இருக்கும் நான்கு எண்களின் கூட்டல் 2233.1. மொத்தத்தைவிட 9.7 குறைவு. புதுச்சேரியின் விடுபட்ட எண் அதுவே, 2001 கணக்கெடுப்பின் 9,74,345 பேரோடும் அது பொருந்துகிறது. ஆனாலும் அதைக் கட்டத்தில் எழுதக் கூடாது. மீட்டெடுப்பவரின் வேலை ஸ்லைடில் இருந்ததைத் தருவது. கணக்கிட்டுக் கண்டதைத் தனிக் குறிப்பாகச் சொல்லலாம்.

எல்லைகள்

இரட்டை வரியின் இடைவெளியும் வரிசைகளின் இடைவெளியும் ஒன்றாகிவிட்டால், ஒரு கட்டத்தின் இரண்டாம் வரி எது, புதிய வரிசை எது என்று இடத்தை வைத்துச் சொல்ல முடியாது. பெயர்களையும் எண்களையும் தனித்தனியே எண்ணி, எங்கே ஒன்று மிகுகிறது என்று பார்த்துப் பொருளை வைத்தே முடிவு செய்ய வேண்டும். வெற்றுக் கட்டம் உண்மையில் வெறுமையா, மேலே உள்ளதே தொடர்கிறது என்று பொருளா என்பதும் அப்படித்தான். இரண்டு வரிசைகளின் நட்டநடுவில் ஓர் எழுத்து நின்றால் அது இரண்டுக்கும் பொது என்று கொள்ளலாம். மேல் வரிசையோடு ஒட்டி நின்றால் படம் எந்தச் சான்றும் தராது.

படம் அனுப்பியவரிடம் மூல பவர்பாயிண்ட் கோப்பு இருந்தால், எதற்கும் முன்னால் அதைக் கேட்டு வாங்குங்கள். உரைப்பெட்டிகள் அங்கேயும் அட்டவணையாக இருக்காது, கோப்பில் அவை அடுக்கப்பட்டிருப்பதும் வரிசைப்படி இருக்காது, எனவே மேலே சொன்ன வழியே அதற்கும் பொருந்தும். ஆனால் ஒவ்வொரு பெட்டியின் இடமும் ஓர் அங்குலத்தை 9,14,400 பங்காக்கிய அளவில் துல்லியமாகப் பதிவாகியிருக்கும், எழுத்துகளும் தசமப் புள்ளிகளும் தட்டச்சு செய்தபடியே கிடைக்கும்.