நண்பரோட சலூன் திறக்கப்போறீங்களா? பிரியுற கணக்கையும் எழுதிக்கோங்க!

பீளமேட்டில் நண்பரோடு சலூன் போடுறீங்கன்னு வெச்சுக்கோங்க. உங்க பணம் 6 லட்சம். தொழில் தெரிந்த நண்பர் 2 லட்சம் போட்டு, தினமும் கடையில் நிற்கிறார். எதுவும் எழுதிக்கலைன்னா, 1932-ம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி லாபம், நஷ்டம் ரெண்டுமே சரிபாதி. நாள் முழுக்க கத்தரி பிடிக்கிறவருக்குச் சம்பளமும் கிடையாது. அதனால அவரோட மாதச் சம்பளம், லாபப் பங்கு, கூகுள் பே பணம் எந்த அக்கவுன்ட்டுக்குப் போகணும்... எல்லாத்தையும் பத்திரத்தில் எழுதிடுங்க.

பிரியும்போதுதான் நிஜமான சிக்கல். நாற்காலி, ஏசியை விற்று, கடை அட்வான்ஸைத் திரும்ப வாங்கி, கடனை அடைச்சா மிச்சம் 4 லட்சம்தான்னு வைங்க. போட்டதில் 4 லட்சம் நஷ்டம். அதைச் சரிபாதியா பிரிச்சா உங்களுக்கு 4 லட்சம் வரும், நண்பருக்குப் பூஜ்யம்! முதலீட்டு விகிதப்படி பிரிக்கணும்னு எழுதியிருந்தா, அவருக்கு 1 லட்சமாவது கிடைக்கும்.

ஒருத்தர் மட்டும் விலகினா? மூணு மாச நோட்டீஸ், பொருளுக்கு அன்றைய செகண்ட் ஹேண்ட் விலை, பங்குத் தொகை ஆறு தவணையில்... இப்படி எழுதலாம். பத்திரம் போட்டாலும், நிறுவனத்தைப் பதிவு செய்யலைன்னா, கடை நடக்கும்போது அந்த ஒப்பந்தத்தைக் காட்டி நண்பர் மேல வழக்கு போட முடியாது.