புனைபெயர்: சூடிக்கொண்ட பெயர்

‘புனைதல்’ பழைய வினை. மாலை தொடுப்பதும், தொடுத்ததைச் சூடுவதும், ஓவியம் தீட்டுவதும், செய்யுள் இயற்றுவதும் புனைதல்தான். பாயிரத்துக்கு நன்னூல் தரும் பெயர்களில் ‘புனைந்துரை’யும் ஒன்று. சொல்லுக்கு மறுபக்கமும் உண்டு. ஏமாற்றுப் பேச்சைப் ‘புனைசுருட்டு’ என்கிறோம். அலங்காரம், மறைப்பு ஆகிய இரண்டு பொருளையும் சுமந்தபடியேதான் இந்த வினை ‘புனைபெயர்’ என்ற வினைத்தொகைக்குள் வந்தது. புனைந்த பெயர், புனைகின்ற பெயர், புனையும் பெயர் என மூன்று காலத்துக்கும் அது விரியும். இன்று சூடியதை நாளை மாற்றிக்கொள்ளலாம் என்ற இடம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பள்ளி இதழில் எழுதக் கூச்சப்படும் பிள்ளைக்குத் தேவைப்படுவதும் அந்த இடமே. புதுச்சேரியில் இதற்கு முன்னோடி ஒரு பள்ளி ஆசிரியர். கனக சுப்புரத்தினம் 1909 முதல் பிரெஞ்சு அரசுப் பள்ளிகளில் தமிழ் கற்பித்தவர். அரசு ஊழியர் என்பதால், பத்திரிகைகளுக்கு எழுதும்போது கண்டெழுதுவோன், கிறுக்கன், கிண்டல்காரன், அடுத்த வீட்டுக்காரன் என்று பல பெயர்களைப் பூண்டார். இவை ஒவ்வொன்றும் ஒரு குரல். கிண்டல்காரன் பேசுவதுபோலக் கண்டெழுதுவோன் பேச வேண்டியதில்லை. பாரதி தமக்கு ‘ஷெல்லிதாசன்’ என்று பெயரிட்டுக்கொண்டதைப் போல, பாரதிமேல் கொண்ட பற்றால் இவர் ‘பாரதிதாசன்’ ஆனார். மறைவுக்காக எடுத்த பெயர்கள் உதிர்ந்துபோக, அன்பினால் எடுத்த பெயர் இயற்பெயரையே பின்னுக்குத் தள்ளிவிட்டது. தமிழ் வகுப்பில் இந்தப் பெயர்ப் பட்டியலை ஒரு மதிப்பெண் வினாவாக்காமல், பெயர் மாறினால் எழுத்தின் தொனி எப்படி மாறுகிறது என்று பிள்ளைகளிடம் காட்டலாம்.

பெயர் கிடைக்க இன்னொரு வழியும் தமிழில் உண்டு. குறுந்தொகையில் அணிலாடு முன்றிலார், செம்புலப்பெயனீரார் என்று வரும் புலவர்கள் அந்தப் பெயர்களைத் தாமே சூட்டிக்கொண்டவர்கள் அல்லர். இயற்பெயர் தெரியாத நிலையில், அவர்கள் பாடலில் மின்னிய தொடரே பெயராகிவிட்டது. பள்ளி இதழுக்கு எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மழை நாளில் தெருமுனையில் நனைந்தபடி நின்ற பஞ்சுமிட்டாய்க்காரரைப் பற்றி எழுதித் தருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பெயர் போட வேண்டாம் என்கிறாள். ஆசிரியர் அவள் எழுத்திலிருந்தே ஒரு தொடரை எடுத்து, ‘நனைந்த பஞ்சுமிட்டாய்’ என்று போடலாமா என்று கேட்கிறார். ‘நிலா’, ‘தென்றல்’ என்று எல்லாரும் வைத்துக்கொள்ளும் பெயரைவிட இது அவளுக்கே உரியது. தன் வரிகளை ஒருவர் கவனித்துப் படித்திருக்கிறார் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது.

பெயரை மட்டும் மறைத்தால் போதாது. கையெழுத்து இதழாக இருந்தால் கையெழுத்தே ஆளைக் காட்டிக்கொடுக்கும். வகுப்புத் தோழிக்கு அந்த ‘ழ’வின் சுழியே போதும். அதனால் எல்லாப் படைப்புகளையும் ஒரே ஆள் படியெடுத்து எழுத வேண்டும், அல்லது தட்டச்சு செய்ய வேண்டும். அடுத்த தடயம் செய்தி. ‘என் அண்ணன் கால்பந்து அணித்தலைவன்’ என்ற ஒரு வரி போதும், பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும். அந்த வரியை மாற்றலாமா என்று எழுதியவரிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். இதழ் வந்த மறுநாளே ‘இது யார், அது யார்’ என்று வகுப்பில் ஊகம் தொடங்கினால், எங்கோ தடயம் கசிந்திருக்கிறது என்று பொருள்.

தமிழில் பெயரில்லா எழுத்துக்கு ‘மொட்டைக் கடிதம்’ என்ற பெயர் உண்டு. புனைபெயரையும் அதையும் ஒன்றாக எண்ணித்தான் சில பள்ளிகள் அஞ்சுகின்றன. மொட்டைக் கடிதத்துக்குப் பின்னால் பொறுப்பேற்க ஆள் இல்லை. புனைபெயருக்குப் பின்னால் ஓர் ஆள் உண்டு. அது யாரென்று பொறுப்பாசிரியர் ஒருவருக்குத் தெரியும். அவரிடம் ஒரு சிறு குறிப்பேடு போதும்: இயற்பெயர், வகுப்பு, புனைபெயர், எந்த இதழ். ஒருவர் சூடிய பெயரை இன்னொருவருக்குத் தரக்கூடாது, ஏனென்றால் ‘நனைந்த பஞ்சுமிட்டாய் இந்த முறை என்ன எழுதியிருக்கிறார்?’ என்று தேடும் வாசகர் உருவாகிவிடுவார். ஆண்டு இறுதியில் இயற்பெயரை வெளியிடுவதா என்பதை எழுதியவரே முடிவு செய்யட்டும். பாராட்டுகிறோம் என்று சொல்லிக் காலை இறைவணக்கக் கூட்டத்தில் பெயரை உடைத்தால், அந்தப் பிள்ளை அடுத்த இதழுக்கு எழுதாது.

குறிப்பேடு இருப்பதற்கு இதைவிடக் கனமான காரணம் ஒன்றும் இருக்கிறது. பெயர் மறைந்த துணிவில், வீட்டில் விழும் அடியைப் பற்றி ஒரு பிள்ளை எழுதக்கூடும். பெயரின்றிப் பெட்டியில் போட்ட தாளாக இருந்தால் யாரைத் தேடிப் போவது? குறிப்பேடு இருந்தால், ஆசிரியர் அந்தப் படைப்பை அச்சுக்கு அனுப்பும் முன் பிள்ளையைத் தனியே கூப்பிட்டுப் பேச முடியும். தேவைப்பட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்க முடியும். அப்படி ஒரு நிலை வந்தால் இரகசியம் காக்க முடியாது என்பதை, பெயர் சூட்டும் நாளிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும்.